நச்சதிர்ச்சி நோய்த்தொகை

நச்சதிர்ச்சி நோய்த்தொகை என்பது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் சுரக்கும் சில நச்சுப் புரதங்களால் திடீரென உண்டாகும் உயிராபத்தான நிலை. கடுங்காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, தோல் சிவத்தல் ஆகியவற்றோடு சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகள் சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிக்கப்படும். பாக்டீரியா இருக்கும் இடம் மிகச் சிறியதாக இருக்கலாம். வெளியே தெரியாமலும் இருக்கலாம். உடலைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த நச்சுக்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் அளவுகடந்த எதிர்வினைதான். இதனால் கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் இந்நோய்க்குப் போதுவதில்லை.

வரலாறு

அமெரிக்காவின் டென்வர் நகரில் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாட் குழுவினர், 8 முதல் 17 வயது வரையிலான ஏழு பேரிடம் கண்ட இந்நோயை 1978-ல் விவரித்து இப்பெயரைச் சூட்டினர். இரண்டே ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பேசப்பட்டது. 1980-ல் அமெரிக்காவில் பதிவான 890 நோயாளிகளில் 812 பேருக்கு நோய் மாதவிடாயோடு தொடர்புடையதாக இருந்தது. அதிகம் உறிஞ்சும் டேம்பான்களைப் பயன்படுத்தியவர்களிடமே ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. ‘ரிலை’ என்ற டேம்பான் அவ்வாண்டு செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

டேம்பானில் கிருமி இருந்ததால் இது நேரவில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் சில பெண்களின் பிறப்புறுப்பில் இயல்பாகவே வாழ்கிறது. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் அது நச்சைச் சுரப்பதில்லை. டேம்பான் உள்ளே போகும்போது காற்றும் கூடவே போகிறது. மாதவிடாய் ரத்தம் அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைக்கிறது. இவ்விரண்டும் சேரும்போது நச்சு உற்பத்தி தொடங்குகிறது. அந்த நச்சை 1981-ல் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர்; அது டிஎஸ்எஸ்டி-1 எனப்படுகிறது. உறிஞ்சும் திறன் குறைக்கப்பட்டு, எச்சரிக்கைக் குறிப்புகளும் வந்தபின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. 1989-ல் பதிவானவர்கள் 61 பேர்.

ஏறக்குறைய இதே நிலையை ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உண்டாக்குவதை 1980-களின் பிற்பகுதியில் மருத்துவர்கள் உணர்ந்தனர். டென்னிஸ் ஸ்டீவன்ஸ் குழுவினர் 1989-ல் இருபது நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அதைத் தெளிவாக நிறுவியது.

சூப்பர் ஆன்டிஜென் செயல்படும் விதம்

வழக்கமான தொற்றில், கிருமியின் புரதத்தை ஒரு காவல் செல் விழுங்கிச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அத்துண்டுகளில் ஒன்றை எம்எச்சி இரண்டாம் வகை என்ற தன் மேற்பரப்பு மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து டி செல்களுக்குக் காட்டுகிறது. அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி கொண்ட டி செல் மட்டுமே தூண்டப்படும். அப்படிப்பட்டவை பத்தாயிரத்தில் ஒன்று அல்லது அதைவிடக் குறைவு. எதிர்வினை அளவோடு நிற்பதற்கு இந்தத் தேர்வே காரணம்.

டிஎஸ்எஸ்டி-1 போன்ற சூப்பர் ஆன்டிஜென் இந்தத் தேர்வைத் தாண்டிவிடுகிறது. அது நறுக்கப்படுவதில்லை, பள்ளத்துக்குள்ளும் போவதில்லை. முழுப் புரதமாகவே எம்எச்சி மூலக்கூறின் வெளிப்பக்கத்தை ஒரு முனையாலும், டி செல் ஏற்பியின் ‘வி-பீட்டா’ பகுதியை மறுமுனையாலும் பற்றி, இரு செல்களையும் ஒரு கவ்வி போலச் சேர்த்துப் பிடிக்கிறது. டி செல் எந்தக் கிருமிக்கென உருவானது என்பது இங்கே பொருட்டே இல்லை. அதன் வி-பீட்டா வகை ஒத்துப்போனால் போதும். டிஎஸ்எஸ்டி-1 வி-பீட்டா 2 வகையைப் பற்றுகிறது. இப்படி உடலின் டி செல்களில் ஐந்தில் ஒரு பங்குகூட ஒரே நேரத்தில் தூண்டப்படலாம். பிலிப்பா மராக், ஜான் காப்ளர் ஆகியோர் இந்த இயக்கத்தை 1989-ல் விளக்கினர்; அவர்களின் ஆய்வகமும் டென்வரில்தான் இருந்தது.

தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்லூக்கின்-2, இன்டர்பெரான் காமா ஆகியவற்றைக் கொட்டுகின்றன. காவல் செல்கள் டிஎன்எப் ஆல்பா, இன்டர்லூக்கின்-1 ஆகியவற்றைக் கொட்டுகின்றன. காய்ச்சலும் தசைவலியும் இவற்றால் வருகின்றன. இவை ரத்தக்குழாய்களைத் தளர்த்துகின்றன. நுண்குழாய்ச் சுவர்களைக் கசியவும் வைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் போய்விடுவதால் உடல் வீங்கும், ஆனால் குழாய்க்குள் ரத்தம் போதாது. ரத்த அழுத்தம் சரிவது இதனால்தான்.

பெரும்பாலான பெரியவர்களின் ரத்தத்தில் டிஎஸ்எஸ்டி-1-க்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருக்கிறது. நோய் தாக்குவது அது இல்லாத சிலரைத்தான். இந்நோய் அரிதாகவும், இளம் வயதினரிடம் கூடுதலாகவும் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரு வகைகளின் வேறுபாடு

ஸ்டாபிலோகாக்கஸ் வகையில் கிருமி ஒரே இடத்தில் தங்கி நச்சை மட்டும் அனுப்புகிறது. டேம்பான், அறுவை சிகிச்சைக்குப்பின் மூக்கில் வைத்த பஞ்சு, குழந்தைகளுக்கு ஏற்படும் சிறு தீப்புண், அறுவைக் காயம் ஆகியவை அந்த இடமாகலாம். காயம் சிவக்காமல், சீழ் பிடிக்காமல் சாதாரணமாகவே தோன்றலாம். வெயிலில் கன்றியதுபோல உடல் முழுவதும் சிவக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியும். ரத்தப் பரிசோதனையில் கிருமி வளர்வது அபூர்வம். மாதவிடாய் சார்ந்த வகையில் உரிய சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை இதைவிடக் கொடியது. சிகிச்சைக்குப் பிறகும் மூன்றில் ஒருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். இங்கே கிருமி திசுக்களை அழித்துக்கொண்டே பரவும். பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் அது வளரும். தோலில் கீறல்கூட இல்லாத உள்காயத்திலும் இது தொடங்கக்கூடும். முதல் அடையாளம் பல நேரங்களில் வலிதான்: கண்ணுக்குத் தெரியும் பாதிப்புக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி.

கண்டறிதல்

நோயை உடனே உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை ஏதும் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை 38.9 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், 90-க்கு மிகாத மேல் ரத்த அழுத்தம், மூன்று உறுப்பு மண்டலங்களின் பாதிப்பு, தோல் சிவத்தல், பின்னர் தோல் உரிதல் ஆகியவற்றைக் கேட்கிறது. இது ஸ்டாபிலோகாக்கஸ் வகைக்கானது. நோயாளிகளைக் கணக்கெடுக்க வகுக்கப்பட்டது. தோல் உரியும்வரை காத்திருந்தால் நோயாளி மிஞ்சமாட்டார். எனவே சந்தேகம் எழுந்ததுமே சிகிச்சை தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை டெங்குவிலிருந்து பிரித்தறிவது கடினம். காய்ச்சல், சிவந்த தோல், தட்டணுக் குறைவு, நீர்க்கசிவு ஆகிய நான்கும் இரண்டிலும் உண்டு. டெங்குவில் வெள்ளணுக்கள் பொதுவாகக் குறையும். இங்கே அவை கூடும், அல்லது முதிராத வெள்ளணுக்கள் நிறையத் தென்படும். டெங்குவில் அதிர்ச்சி பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் வரும். இங்கே காய்ச்சலின் உச்சத்திலேயே வரும். ரத்த அழுத்தம் விழுமுன்பே கிரியாட்டினின் ஏறுவதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையில் அடிக்கடி காணப்படுகிறது.

விரைவு சிகிச்சை: ஓர் எடுத்துக்காட்டு

சிகிச்சையின் வரிசையை ஒரு மாதிரி நோயாளியைக் கொண்டு விளக்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் முழங்காலை மேசையில் இடித்துக்கொள்கிறார், தோல் கிழியவில்லை. இரண்டாம் நாள் கால் வலி தாங்க முடியாமல் வலிமாத்திரை போடுகிறார். அது வலியையும் காய்ச்சலையும் சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. மூன்றாம் நாள் வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வருகிறார். ரத்த அழுத்தம் 82/46, கிரியாட்டினின் 2.4, தட்டணுக்கள் 88,000. காலில் லேசான வீக்கம் மட்டுமே தெரிகிறது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்த மாதிரி எடுத்து, உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். கிருமி எதுவென்று தெரியாத நிலையில் வான்கோமைசின், மெரோபெனெம் போன்ற பரந்த வீச்சுள்ள மருந்துகளோடு கிளிண்டாமைசின் 900 மில்லிகிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்க்கப்படுகிறது. கூடவே கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் 2,100 மில்லி உப்புக்கரைசல் முதல் மூன்று மணி நேரத்துக்குள் போகிறது. கசிவு தொடர்வதால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் தேவைப்படலாம். அப்போதும் சராசரி ரத்த அழுத்தம் 65-ஐ எட்டாவிட்டால் நோரட்ரீனலின் தொடங்கப்படுகிறது. திரவம் ஏற ஏற நுரையீரலிலும் நீர் சேரும் என்பதால் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். சிலருக்குச் செயற்கை சுவாசம் தேவைப்படும்.

இதற்கிடையே அறுவை மருத்துவரை அழைத்தாக வேண்டும். ஸ்கேனுக்காகத் தாமதிக்கக் கூடாது. காலைத் திறந்து பார்க்கையில் தசையுறை சாம்பல் நிறத்தில், ரத்தம் கசியாமல், விரல் பட்டாலே பிரிந்துபோவதாக இருந்தால் திசு செத்துவிட்டது என்று பொருள். செத்தது முழுவதையும் வெட்டி அகற்றி, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து பார்க்கிறார்கள். டேம்பானோ மூக்குப் பஞ்சோ மூலமாக இருந்தால் அதை எடுப்பதுதான் இதற்கு ஈடான செயல். நச்சு ஊறும் இடம் அப்படியே இருக்கும்வரை மற்ற சிகிச்சைகள் நிலைக்காது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானதும் பெனிசிலின் 40 லட்சம் அலகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதனுடன் கிளிண்டாமைசின் என மருந்துகள் சுருக்கப்படுகின்றன. பெனிசிலின் இந்தக் கிருமியை நன்றாகவே கொல்லும். ஆனாலும் கிளிண்டாமைசின் விடப்படுவதில்லை. பெனிசிலின் தாக்குவது வளரும் கிருமியின் செல்சுவரை. கிருமிகள் நெருக்கமாகப் பெருகி வளர்ச்சி நின்றுவிட்டால் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. இதை ஹாரி ஈகிள் 1952-ல் எலிகளில் காட்டினார். கிளிண்டாமைசின் கிருமியின் ரைபோசோமைப் பற்றிப் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. நச்சும் ஒரு புரதம் என்பதால் அதன் சுரப்பு அடங்குகிறது. கிளிண்டாமைசினுக்கு மசியாத கிருமிகளும் உண்டு. ஆகவே அதைத் தனியாகத் தருவதில்லை. அது பயன்படாத இடத்தில் லினெசோலிட் கொடுக்கப்படுகிறது.

இம்யூனோகுளோபுலின்

பலரின் ரத்தத்திலிருந்து திரட்டிய ஆன்டிபாடிகள் ஏற்கெனவே சுற்றிவரும் நச்சைச் செயலிழக்கச் செய்யும். முதல் நாள் கிலோவுக்கு 1 கிராம், அடுத்த இரு நாட்கள் 0.5 கிராம் என்பது பரவலான முறை. மேற்சொன்ன நோயாளிக்கு 70, 35, 35 கிராம். ஐரோப்பாவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில் மருந்து பெற்றவர்களில் இறப்பு குறைவாகத் தெரிந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 21 பேர் மட்டுமே என்பதால் அதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியவில்லை. முதல் சில மணி நேரச் சிகிச்சைக்குப் பின்னும் தேறாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயாளிகளுக்கே பல மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள்.

மீண்டும் வருதலும் தடுப்பும்

ஒருமுறை வந்து குணமானவர்களில் பலருக்கு அதன் பிறகும் டிஎஸ்எஸ்டி-1-க்கு எதிரான ஆன்டிபாடி உருவாவதில்லை. எனவே மாதவிடாய் சார்ந்த வகை அடுத்தடுத்த மாதங்களில் திரும்ப வரக்கூடும். அத்தகையோர் டேம்பானையும், பிறப்புறுப்பினுள் வைக்கும் மாதவிடாய்க் கோப்பையையும் தவிர்க்க வேண்டும், அணையாடைகளைப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் தேவையான அளவே உறிஞ்சும் டேம்பானைத் தேர்ந்து, நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். டேம்பான் வைத்திருக்கும்போதோ, மூக்கில் பஞ்சு இருக்கும்போதோ, குழந்தைக்குத் தீப்புண் பட்ட சில நாட்களிலோ கடுங்காய்ச்சலும் வாந்தியும் தலைசுற்றலும் தோல் சிவத்தலும் சேர்ந்து வந்தால், உள்ளே வைத்த பொருளை உடனே எடுக்கச் செய்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் அந்த விவரத்தை முதலில் சொல்ல வேண்டும்.