முட்டி தேயுமா? ஸ்டான்ஃபோர்டில் 18 வருஷம் எடுத்த எக்ஸ்-ரேக்கள்

போன மாசம் ஓடிட்டு வந்து ஷூ கழட்டும்போது அப்பா சொன்னார்: "இப்படியே ஓடு, நாற்பது வயசுல என்னை மாதிரி உட்காந்துடுவ." அப்பாவுக்கு ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆயிடுச்சு. அவர் வாழ்க்கையில பஸ் பிடிக்க மட்டும்தான் ஓடியிருக்கார். ஆனாலும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துக்கிச்சு. ரெண்டு வாரம் நான் ஓடலை. அந்த ரெண்டு வாரத்துல படிச்சதுதான் இந்த எபிசோட்.

நம்ம ஊர்ல இந்த நோய்க்குப் பெயரே 'மூட்டுத் தேய்மானம்'. பெயரிலேயே தீர்ப்பு இருக்கு. டயர் தேயுது, பேரிங் தேயுது, முட்டியும் தேயும். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அது ரொம்ப இயல்பான கணக்காத்தான் பட்டுச்சு.

அமெரிக்காவிலும் இதே பயம்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் ஜெயிச்ச பிறகு, சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு ஓட வந்தாங்க. இவங்க எல்லாரோட முட்டியும் இருபது வருஷத்துல என்ன ஆகும்னு மருத்துவர்கள் கவலைப்பட்டாங்க. 1984-ல் ஜிம் ஃபிக்ஸ் என்கிற புகழ்பெற்ற ஓட்ட எழுத்தாளர், ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயசு 52. ஓட்டத்தின் மேல சந்தேகம் இன்னும் கூடுச்சு.

அதே 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்கிற மூட்டுநோய் மருத்துவர் ஒரு ஆய்வைத் தொடங்கினார். அவரும் ஓடுறவர்தான். ஐம்பது வயசைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும், அதே மாதிரி வயசுள்ள ஓடாதவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்வதுதான் திட்டம். அதில் ஒரு சின்ன குழுவுக்கு முட்டி எக்ஸ்-ரே திரும்பத் திரும்ப எடுத்தாங்க: 45 ஓட்டக்காரர்கள், 53 ஓடாதவர்கள், 2002 வரைக்கும். படத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டவங்களுக்கு அது யாரோட முட்டின்னு தெரியாது.

எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது. ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற இடைவெளிதான் தெரியும். அது குறுகினா குருத்தெலும்பு போயிருக்குன்னு அர்த்தம். ஆரம்பத்தில் ஓட்டக்காரர்களில் 3 பேருக்கு பாதிப்பு இருந்தது, ஓடாதவர்களில் ஒருத்தருக்கும் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தா அப்பா ஜெயிச்சிருப்பார்! கடைசிப் படங்களில் ஓட்டக்காரர்களில் 9 பேர், ஓடாதவர்களில் 17 பேர். கடுமையான பாதிப்பு இந்தப் பக்கம் ஒருத்தருக்கு, அந்தப் பக்கம் 5 பேருக்கு.

இதை வச்சு 'ஓடினா முட்டிக்கு நல்லது'ன்னு சொல்லிட முடியாது. 98 பேர் ரொம்பக் குறைவு. புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு ஓட்டை: ஐம்பது வயசுல ஓடிட்டு இருக்கறவர் ஏற்கனவே நல்ல முட்டி உள்ளவராத்தான் இருப்பார், மோசமான முட்டிக்காரர் முன்னாடியே விலகியிருப்பார். ஆனா 'ஓட்டம் முட்டியை வேகமாத் தேய்க்கும்' என்பதற்கு 18 வருஷத் தேடலில் ஆதாரம் சிக்கலை. பாதிப்போடு சேர்ந்து போனது உடல் எடையும், தொடக்கத்திலேயே இருந்த சேதமும்தான்.

ஏன் பேரிங் கணக்கு பொய்யாச்சு? பேரிங் தன்னைப் பராமரிச்சுக்காது. குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதுக்கு ரத்தக் குழாய் கிடையாது, மூட்டுத் திரவத்திலிருந்துதான் உணவு எடுக்குது. அழுத்தும்போது திரவம் வெளியே போகும், விடும்போது உள்ளே வரும், ஸ்பாஞ்ச் மாதிரி. அதனால அழுத்தமே இல்லாம வச்சிருந்தாலும் அது மெலிஞ்சு போகும். இன்னொண்ணு, ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் உச்ச பாரம் நடையைவிட ரொம்ப அதிகம்தான். ஆனா எட்டு நீளம், கால் தரையில் இருக்கும் நேரம் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு மொத்தமா கூட்டிப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு 2014-ல் ஒரு ஆய்வு அளந்து காட்டுச்சு.

2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இடுப்பு அல்லது முட்டி மூட்டு நோய் பொழுதுபோக்கா ஓடுறவங்களில் 3.5 சதவீதம், ஓடாதவங்களில் 10.2, போட்டிக்காக ஓடுறவங்களில் 13.3. அந்தக் கடைசி எண்ணை மறைச்சுப் பேசுறது நேர்மையில்லை. பழைய ஜவ்வுக் கிழிசல் இருக்கறவங்களுக்கும் கணக்கு வேற. அவங்க ஓடினாலும் ஓடாட்டியும் ஆபத்து கூடுதல்தான்.

என் வலி முட்டிச்சில்லைச் சுத்தி, மாடிப்படி இறங்கும்போது. திடீர்னு தூரத்தைக் கூட்டினா இப்படி வரும், இது தேய்மானம் இல்லை. வீக்கமோ, முட்டி பூட்டிக்கிறதோ இருந்தா நேரா டாக்டர்கிட்ட போயிருப்பேன். தூரத்தைப் பாதியாக்கி மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்.

அப்பாகிட்ட இந்த எண்களைக் காட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த 9 பேர்ல நீ ஒருத்தனா இருந்தா?"ன்னார். ஓடாத 17 பேர்ல அவர் ஒருத்தர்னு நான் சொல்லலை.