வரலாற்று முக்கியத்துவ வினா
ஒரு நிகழ்வு ஏன், யாருக்கு முக்கியமாயிற்று என்று கேட்டு மாணவரின் வரலாற்று மதிப்பீட்டைச் சோதிக்கும் வினா இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியதை எடுத்துக்கொண்டால், புத்தளம் மாவட்டத்தில் இவ்வினாவுக்கு ஒரே விடை கிடையாது. வெளியேற்றப்பட்டோருக்கு அது தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் நிலத்தையும் இழந்த நாள். அவர்களுள் பெரும்பகுதியினரை ஏற்ற புத்தளத்தாருக்கோ நிலம், குடிநீர், பள்ளிக்கூட இடம், கூலிவேலை ஆகியவற்றைப் பகிர வேண்டிவந்த நீண்ட காலத்தின் தொடக்கம். போர்க்களங்களை மட்டும் வரிசைப்படுத்தும் நூல்களிலோ பெரும்பாலும் ஓரக்குறிப்பு. பலர் பாதிக்கப்பட்டனர் என்று மட்டும் எழுதும் விடை, பெயரை மாற்றினால் வேறெந்த இடப்பெயர்வுக்கும் பொருந்திவிடுமாதலால், அது நிகழ்வின் அளவைச் சொல்கிறதேயன்றி முக்கியத்துவத்தை நிறுவுவதில்லை. யாருக்கு என்பதைக் கேளாத வினாத்தாள் இத்தகைய விடைகளையே பெறும்.