முன்னிருக்கையில் குழந்தை இருக்கை: பயணி காற்றுப்பையை நிறுத்தும் சுவிட்ச்

ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை, மோதலின்போது பெரியவர்களின் தலையையும் மார்பையும் காக்கும் சாதனமாகும். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், புதிய மாடல் கார்களில் முன்னிருக்கைப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே இருக்கையில் கைக்குழந்தை இருந்தால், இச்சாதனமே உயிருக்கு ஆபத்தாக முடியும். பயணி காற்றுப்பையை நிறுத்தும் சுவிட்ச் இதற்காகவே அமைக்கப்பட்டது.

ஆபத்து எவ்வாறு ஏற்படுகிறது?

கைக்குழந்தைகளுக்கான இருக்கை, குழந்தையின் முகம் காரின் பின்புறத்தை நோக்கி இருக்குமாறு பொருத்தப்படுகிறது. இதை முன்னிருக்கையில் வைத்தால், குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள ஓடு டேஷ்போர்டுக்கு மிக அருகில் அமைகிறது. மோதலின்போது காற்றுப்பை கண் இமைப்பதற்குள் விரிந்து அந்த ஓட்டைத் தாக்கும். அதன் விசை குழந்தையின் தலையை இருக்கையோடு சேர்த்துப் பின்னோக்கித் தள்ளும்.

பச்சிளங் குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இன்னும் உறுதியடைந்திருக்காது. எனவே மண்டையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் கடுமையான காயம் ஏற்படலாம். கார் மெதுவாகச் சென்று மோதினாலும், காற்றுப்பை விரிந்துவிட்டால் அதன் விசை ஆபத்தானதே.

மடியில் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பன்று. 2025-இல் செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே நிகழ்ந்த விபத்தில், முன்னிருக்கையில் தந்தையின் மடியில் இருந்த 7 வயதுச் சிறுவன் காற்றுப்பை விரிந்ததையடுத்து உயிரிழந்தான். காற்றுப்பையை நிறுத்தியிருந்தாலும், மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது கைகளால் பிடித்து நிறுத்த இயலாது.

உங்கள் காரில் சுவிட்ச் உள்ளதா?

எல்லாக் கார்களிலும் இந்தச் சுவிட்ச் இருப்பதில்லை. பயணி பக்கக் கதவைத் திறந்து டேஷ்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். கிளவ் பாக்ஸின் உட்புறத்தையும் பாருங்கள். சாவி நுழையும் துளையும் `ON`, `OFF` என்ற எழுத்துகளும் காணப்படும். சில கார்களில் இது தொடுதிரையில் அமைந்திருக்கும். காரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுவிட்ச் இல்லையெனில், பின்நோக்கிய குழந்தை இருக்கையை முன்னிருக்கையில் பொருத்தவே கூடாது. ஃபியூஸைக் கழற்றுவதும் மாற்று வழியன்று. அது ஓட்டுநரின் காற்றுப்பையையும் சேர்த்தே செயலிழக்கச் செய்யலாம்.

சாவியால் இயங்கும் சுவிட்சைப் பயன்படுத்தும் முறை

1. இக்னிஷனை அணைத்துவிட்டு, சாவியைத் துளையில் நுழைத்து `OFF` நிலைக்குத் திருப்பவும்.
2. சாவியை எடுத்து, இக்னிஷனைப் போடவும்.
3. `PASSENGER AIRBAG OFF` என்பதைக் குறிக்கும் விளக்கைப் பார்க்கவும். தொடக்கத்தில் எல்லா விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணையும். அதன் பின்னரும் இந்த விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும்.
4. விளக்கு எரியாவிட்டாலோ, மீட்டர் பலகையில் காற்றுப்பைப் பழுது விளக்கு அணையாவிட்டாலோ குழந்தையை அங்கே வைக்காதீர்கள்.
5. காரின் முன்னிருக்கையை இயன்றவரை பின்னுக்குத் தள்ளி, குழந்தை இருக்கையை அதன் கையேட்டின்படி பொருத்தவும்.

எடுத்துக்காட்டு

புதுக்கோட்டையில் பிரசவித்த தாய், குழந்தையுடன் அறந்தாங்கிக்குத் திரும்புகிறார் என்று கொள்வோம். காரில் கணவரும் பாட்டியும் உடன் வருகின்றனர். சரியான ஏற்பாடு, குழந்தை இருக்கையைப் பின்னிருக்கையில் பொருத்தி, தாய் அதன் அருகில் அமர்வதாகும். பாட்டி முன்னே அமரலாம். சுவிட்சைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

சில வாரங்களுக்குப் பின், தந்தை பின்னிருக்கை இல்லாத பிக்கப் வாகனத்தில் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்து வருகிறார். இங்கு முன்னிருக்கையைத் தவிர வேறு இடமில்லை. சுவிட்ச் இருந்து, மேற்கண்ட சோதனையும் சரியாக அமைந்தால் மட்டுமே குழந்தை இருக்கையை அங்கே வைக்கலாம். அமெரிக்காவில் 1995-இல் இத்தகைய சுவிட்சுகள் அனுமதிக்கப்பட்டதும் முதலில் இதுபோன்ற வாகனங்களுக்காகவே.

மாலையில் அதே இருக்கையில் பாட்டி ஏறும்போது, சுவிட்ச் `OFF` நிலையிலேயே இருந்தால் அவருக்குக் காற்றுப்பையின் பாதுகாப்பு கிடைக்காது. எனவே குழந்தை இருக்கையைக் கழற்றியவுடன் சுவிட்சை `ON` நிலைக்குத் திருப்பி, விளக்கைச் சரிபார்க்க வேண்டும்.

வளர்ந்த குழந்தைகளுக்கு

முன்நோக்கிய இருக்கையில் அமரும் குழந்தைகளுக்கும் 12 வயது வரை பின்னிருக்கையே பாதுகாப்பானது. முன்னே அமர்த்த நேர்ந்தால், காற்றுப்பை இயங்க வேண்டுமா என்பதைக் காரின் கையேட்டின்படி முடிவு செய்யவும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 194பி-இன்படி ரூ.1,000 அபராதம் விதிக்கப்படும்.

காற்றுப்பை விரிந்துவிட்டால்

உடனே 108-ஐ அழைக்கவும். மூச்சுத் திணறலோ, தீயோ, வேறு உடனடி ஆபத்தோ இல்லையெனில், குழந்தையின் கழுத்தை அசைக்காமல் இருக்கையிலேயே வைத்திருக்கவும். வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை அவசியம். வாந்தி, அளவுக்கு மீறிய உறக்கம், கைகால் அசைவு குறைதல் ஆகியவை தலை அல்லது கழுத்துக் காயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்.