உடனடி தோசை, இட்லி, குலாப் ஜாமூன் மாவு: பாக்கெட்டின் பின்புறம் சொல்வது என்ன?

உடனடி மாவு பாக்கெட்டின் முகப்பில் உளுந்தும் பாலும் படங்களாக மின்னினாலும், உள்ளே அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் மூலப்பொருள் பட்டியலே தெரிவிக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, எடையில் அதிகமான பொருளை முதலிலும் குறைவானதைக் கடைசியிலும் வரிசைப்படுத்த வேண்டும். முகப்பில் சொல்லாலோ படத்தாலோ முன்னிறுத்தப்படும் பொருளின் விழுக்காட்டையும் குறிப்பிட வேண்டும்.

இந்த மூன்று மாவு வகைகளில் முகப்புக்கும் பின்புறத்துக்கும் இடையே அதிக இடைவெளி காணப்படக்கூடியது குலாப் ஜாமூன் மாவுதான். இனிப்புக் கடைகளில் இது பெரும்பாலும் கோவாவில் செய்யப்படுகிறது. ஈரம் நீங்கலாகக் கணக்கிட்டால் கோவாவில் குறைந்தது 30 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ நிர்ணயித்த தரம். உடனடி மாவிலோ மைதாவுடன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்க்கப்படுவதே பரவலான வழக்கம். அந்தப் பவுடரில் கொழுப்பு 1.5 விழுக்காட்டைத் தாண்டாது. அந்தக் குறையைப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு ஈடுசெய்கிறது. ஆகவே, பட்டியலில் 'பால் திடப்பொருள்' என்று இருப்பதை கோவா என்று கொள்ள இயலாது.

விழுக்காடு தெளிவாக இல்லாத இடத்தில், 100 கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணையில் உள்ள புரத அளவு ஓரளவு துப்புக் கொடுக்கும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் சுமார் 35 விழுக்காடும், மைதாவில் சுமார் 10 விழுக்காடும் புரதம் உண்டு. ஒரு மாவில் பால் பவுடர் 30, மைதா 50 விழுக்காடு எனக் கொண்டால், 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 15.5 கிராம் வரும். பால் பவுடர் 15, மைதா 65 விழுக்காடு எனில் அது 12 கிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும்.

தோசை மாவுக்கும் இதே கணக்கு பொருந்தும். அரிசியில் சுமார் 7 விழுக்காடும், உளுந்தில் சுமார் 24 விழுக்காடும் புரதம் உள்ளது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் 100 கிராமில் 10 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கும். பத்துக்கு ஒன்று என்றால் 8.5 கிராம் அளவே தேறும். ஆனால் கோதுமை மாவு, கடலை மாவு அல்லது சோயா மாவு சேர்ந்திருந்தால் இக்கணக்கு ஏமாற்றிவிடும். எனவே பட்டியலை வாசித்த பிறகே புரத எண்ணைப் பார்க்க வேண்டும்.

இட்லி, தோசை மாவுகளில் அடுத்துக் கவனிக்க வேண்டியது உப்பவைக்கும் பொருள். வீட்டு மாவை நுண்ணுயிர்கள் இரவு முழுவதும் புளிக்கவைத்துப் பொங்கச் செய்கின்றன. பாக்கெட் மாவில் அந்த வேலையைச் செய்வது சமையல் சோடா. பட்டியலில் அது ஐ.என்.எஸ். 500(ii) என்று இருக்கும். அமிலத்துடன் சேரும்போதுதான் சோடா முழுமையாக வினைபுரிந்து வாயுவை வெளியிடும். ஒரு கிராம் சோடாவை ஈடுசெய்ய முக்கால் கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது ஐ.என்.எஸ். 330, தேவைப்படுகிறது.

பட்டியலில் சோடா மட்டும் இருந்து அமிலம் இல்லையெனில், தயிர் கலக்கச் சொல்லும் குறிப்பைத் தவிர்க்கக் கூடாது. ரவா இட்லி மாவில் தயிருக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எஞ்சிய சோடா இட்லியை மஞ்சளாக்கும். சோப்புச் சுவையும் தட்டும். சோடா, சிட்ரிக் அமிலம் இரண்டும் உள்ள மாவில் தண்ணீர் பட்டவுடன் வாயு வெளியேறத் தொடங்கிவிடும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவைத்தால் இட்லி தட்டையாகிவிடும். குலாப் ஜாமூன் உருண்டைகள் எண்ணெயில் வெடிப்பதற்கும் சோடா மிகுதி ஒரு காரணம்.

ஒரு கிராம் சோடாவில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உப்பிலிருந்து வரும் சோடியம் தனி. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் நாளொன்றின் வரம்பு 2,000 மில்லிகிராமுக்குள். எனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அட்டவணையின் சோடியம் வரியையும் பார்ப்பது நல்லது.

பதப்படுத்திகளைப் பொறுத்தவரை, ஈரமற்ற மாவில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆகவே உலர் மாவில் 'பதப்படுத்தி சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் பெரிய சிறப்பல்ல. பட்டியலில் ஐ.என்.எஸ். 202 அல்லது 211 இருந்தால் அவை முறையே பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் ஆகும். ஐ.என்.எஸ். 319 என்பது மாவிலுள்ள கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பி. கொழுப்பு மிகுந்த குலாப் ஜாமூன் மாவில் இதைத் தேடிப் பார்க்கலாம். பாக்கெட்டைத் திறந்தவுடன் பழைய எண்ணெய் வாடை வந்தால், காலாவதித் தேதி தாண்டாவிட்டாலும் அந்த மாவைப் பயன்படுத்தக் கூடாது.