கேளாமல் தண்டிக்கலாகாது: இந்தியாவில் தேர்வு முறைகேட்டு விசாரணை உருவான விதம்

1954இல் உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் நடத்திய இன்டர்மீடியட் தேர்வில் மூன்று மாணவர்கள் தேர்ச்சி பெற்றனர். முடிவு வெளியான பிறகு, முறைகேடு செய்ததாகக் கூறி வாரியத்தின் தேர்வுக் குழு அவர்களின் தேர்ச்சியை ரத்து செய்தது. 1955 தேர்வை எழுதவும் தடை விதித்தது. விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூட அனுப்பவில்லை. வாரியத்துக்கான 1921ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரை விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே தங்களுக்குப் போதும் என்பது வாரியத்தின் வாதம்.

கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று அறியப்படும் இதில் 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தப்பு நடந்ததா என்று உண்மைகளை எடைபோட்டு முடிவெடுக்கும் குழு, மாணவரின் எதிர்காலத்தையே குலைக்கக்கூடிய தண்டனையையும் விதிக்கிறது. அப்படிப்பட்ட குழு நீதிமன்றத்தைப் போன்ற பொறுப்போடு நடக்க வேண்டும், மாணவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்றது தீர்ப்பு. இன்றைய விசாரணை அறையின் அடித்தளம் இதுதான்.

கேட்பது கட்டாயம் என்றானது. எவ்வளவு சாட்சியம் போதும் என்ற கேள்வி அதே ஆண்டு பாகலேஷ்வர் பிரசாத் வழக்கில் எழுந்தது. அடுத்தடுத்த பதிவெண் கொண்ட இருவரின் விடைத்தாள்களில் தவறான விடைகள் ஒன்றுபோல இருந்தன. காப்பியடித்ததைப் பார்த்தவர் யாருமில்லை. ஆதாரமில்லை என்று உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்திருந்தது. நேரடிச் சாட்சி எப்போதும் கிடைக்காது, சூழ்நிலையையும் நிகழ்தகவையும் வைத்து முடிவெடுக்கலாம் என்று கூறிய உச்ச நீதிமன்றம் வாரியத்தின் முடிவை மீட்டது. விடைத்தாள் பார்த்துப் பழகிய எந்த ஆசிரியருக்கும் இதன் தர்க்கம் தெரியும். சரியான விடை ஒரே பாடநூலிலிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை வரிக்கு வரி வருவதற்கு அப்படி ஒரு பொது ஊற்று இருப்பது அரிது. ஆனால் ஒற்றுமை காட்டுவது காப்பி நடந்தது என்பதை மட்டுமே. யாரைப் பார்த்து யார் எழுதினார் என்பதை அது சொல்லாது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார், அடித்தல் திருத்தல் யார் தாளில் இருக்கிறது என்று விசாரணையில் துருவப்படுவது இதனால்தான்.

மாணவரைக் கேட்டாக வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. பீகாரில் 1969 தேர்வில் ஒரு மையம் முழுவதும் ரத்தானபோது, தனி மாணவர்மேல் குற்றச்சாட்டு இல்லாததால் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1970இல் கூறியது.

மாணவர் உரிமைகள் எதுவரை நீளும் என்பதை 1991இல் வந்த கே. எஸ். காந்தி வழக்கின் தீர்ப்பு காட்டுகிறது. மகாராஷ்டிரத்தில் 1990ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாடரேட்டர்களின் மதிப்பெண் பட்டியல்கள் திருத்தப்பட்டிருந்தன. பலனடைந்த மாணவர்கள் 283 பேர். அவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸில் குற்றச்சாட்டு இருந்தது. வாரிய அலுவலகத்தில் ஆவணங்களைப் பார்க்கலாம், தங்கள் ஆவணங்களைத் தரலாம், வாரியத்தின் சாட்சிகள் வந்தால் குறுக்கு விசாரணை செய்யலாம் என்றும் சொல்லப்பட்டது. வக்கீல் கூடாது. பெற்றோர் உடன் வரலாம், ஆனால் விசாரணையில் பேசக் கூடாது. எண்கள் திருத்தப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்ட மாணவர்கள், தங்களுக்கு அதில் பங்கில்லை என்றனர்.

மதிப்பெண்ணை ரத்து செய்து தேர்வெழுதவும் தடை விதித்த வாரியத்தின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். பலன் யாருக்குப் போனதோ அவர் தரப்பில் யாரோ ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று ஊகித்தது. இங்கே எனக்கு உடன்பாடில்லை. பாகலேஷ்வர் வழக்கில் ஊகத்துக்கு அடிப்படை மாணவரின் கையெழுத்தில் இருந்த விடை. இங்கே அது அலுவலகத்துக்குள் வேறு யாரோ திருத்திய எண். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோரே பணம் கொடுத்திருக்கலாம். பிள்ளை குற்றவாளியா, பலனாளி மட்டுமா என்ற வேறுபாடு ஊகத்தில் கரைந்துபோனது. பொய் மதிப்பெண்ணை ரத்து செய்வது வேறு, அதற்குமேல் தேர்வெழுதத் தடை விதிப்பது வேறு. முதலாவதற்கு இந்த ஊகம் போதும், இரண்டாவதற்குப் போதாது.

தண்டனைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும் ஏறுவரிசை ஏறக்குறைய ஒன்றே. அந்தத் தாள் மட்டும் ரத்து, அந்தப் பருவத்தின் எல்லாத் தாள்களும் ரத்து, பிறகு சில பருவங்களுக்குத் தடை. ஆள்மாறாட்டம் என்றால் காவல்துறைக்கும் போகும்.

ஆய்வேடுகளுக்கு 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை வகுத்தபோது எண்ணே அளவுகோல் ஆனது. ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டை அளிக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் உரிய முறையில் எடுத்தாண்டவை, நூற்பட்டியல், தொடர்ந்து 14 சொற்கள் வரையிலான சிறு ஒற்றுமை ஆகியவை கணக்கில் வராது. புகாரைத் துறைக்குழு முதலில் ஆராய்ந்து 45 நாளில் அறிக்கை தர வேண்டும். இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறது. எனவே மென்பொருள் தரும் விழுக்காட்டோடு விசாரணை முடிந்துவிடாது. அந்த எண்ணிக்கையில் மேற்கோள்களும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை முழு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் ஆய்வாளருக்கு முதல் வேலை.