டைப் 1 சர்க்கரை நோய்: ஸ்டெம் செல் சிகிச்சை வந்தாச்சா? இன்சுலின் ஊசியை நிறுத்த முடியுமா?

'ஒரே ஒரு முறை செல்களைச் செலுத்தினார்கள், அதன்பிறகு இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை' என்ற செய்தி வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. டைப் 1 சர்க்கரை நோய் இருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு இது வந்து சேரும்போது, 'நம்ம பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியுமா?' என்றுதான் முதலில் தோன்றும்.

அந்தச் செய்தி பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்கிறது. ஊசிக்குப் பதிலாக அந்த நோயாளிகள் தினமும் வேறு என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பது மீதிப் பாதி.

கணையத்தில் என்ன நடக்கிறது?

நம் வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தில் சுமார் 10 லட்சம் சின்னஞ்சிறு செல் திட்டுகள் இருக்கின்றன. இவற்றுக்கு ஐலெட் என்று பெயர். மொத்தக் கணையத்தின் எடையில் இவை 1 முதல் 2 சதவீதம்தான். இந்தத் திட்டுகளுக்குள் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன.

டைப் 1 நோயில், உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே இந்த பீட்டா செல்களை எதிரி என நினைத்து அழித்துவிடுகிறது. நம் ஊரில் பெரும்பாலானோருக்கு இருக்கும் டைப் 2 சுகர் வேறு. அதில் இன்சுலின் இருக்கும், உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. இந்தக் கட்டுரை முழுக்க டைப் 1 பற்றியது மட்டுமே.

அழிந்த செல்களுக்குப் பதில் புது செல்களை வைத்துவிட்டால் போதுமே? யோசனை சரிதான். ஆனால் பழைய செல்களை அழித்த அதே எதிர்ப்பு சக்தி இன்னும் உடலுக்குள்தான் இருக்கிறது. புதிதாக வருவதையும் அது விடாது. இது தவிர, அடுத்தவர் உடலில் இருந்து எடுத்த செல் என்றால் அதற்கென தனித் தாக்குதல் வேறு. இந்த இரட்டைச் சிக்கலை மனதில் வைத்துக்கொண்டால், இனி வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

கணையத்தையே மாற்றினால்?

இது புதிய விஷயமே இல்லை. 1966-ம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதல் கணைய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகமும் சேர்த்தே வைத்தார்கள்.

இன்றும் அந்தக் கூட்டணிதான் அதிகம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள். நல்ல அனுபவமுள்ள மையங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், ஒரு வருடம் கழித்தும் புதிய கணையம் வேலை செய்கிறது. சென்னையிலும் இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது.

ஆனால் இது பெரிய ஆபரேஷன். புதிய கணையத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால் உறுப்பையே எடுக்க வேண்டி வரலாம். செரிமான நீர் கசிந்தால் வயிற்றுக்குள் தொற்று ஏற்படும். அதனால் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, ஊசியை நிறுத்துவதற்காக மட்டும் பொதுவாக இதைச் செய்வதில்லை.

செல்களை மட்டும் வைத்தால்?

இரண்டாவது வழி, கணையத்தில் இருந்து ஐலெட் திட்டுகளை மட்டும் பிரித்தெடுப்பது. தானமாகக் கிடைத்த கணையத்தை நொதி மூலம் கரைத்து, திட்டுகளைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. திட்டுகள் கல்லீரலிலேயே தங்கி, அங்கிருந்தே இன்சுலினைச் சுரக்கும்.

கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள் 2000-ம் ஆண்டு 7 நோயாளிகளுக்கு இதைச் செய்து, 7 பேருமே இன்சுலினை நிறுத்தியதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 10,000 திட்டுகள் தேவை. 60 கிலோ எடை என்றால் 6 லட்சம். ஒரு கணையத்தில் 10 லட்சம் இருந்தாலும், பிரித்தெடுக்கும்போது பாதிக்கு மேல் வீணாகிவிடும். ரத்தத்தில் கலந்த உடனேயே இன்னொரு பகுதி அழியும். ஆக, ஒரு நோயாளிக்கு இரண்டு பேரின் கணையம், சில நேரம் மூன்று பேருடையதுகூட தேவைப்படுகிறது. உறுப்பு தானத்துக்கே இவ்ளோ பெரிய வரிசை நிற்கும்போது இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அடுத்த ஏமாற்றம் 2006-ல் வந்தது. பல நாடுகளில் 36 பேருக்கு இதே முறையைச் செய்து பார்த்ததில், ஒரு வருடம் கழித்து ஊசி இல்லாமல் இருந்தவர்கள் 16 பேர். இரண்டாவது வருட முடிவில் 5 பேர். மற்றவர்கள் மறுபடியும் ஊசிக்குத் திரும்பினார்கள்.

அப்படியானால் தோல்வியா? முழுத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. ஊசிக்குத் திரும்பியவர்களிலும், கொஞ்சம் செல்கள் உயிரோடு இருந்தவர்களுக்கு சர்க்கரை திடீரெனச் சரிந்து மயங்கி விழும் ஆபத்து விலகியிருந்தது. டைப் 1 நோயாளிகளில் சிலருக்கு, சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கமோ வியர்வையோ தெரியவே தெரியாது. நேராக மயக்கம்தான், தூக்கத்திலேயே உயிர் போகும் அபாயமும் உண்டு. அவர்களுக்கு இந்த லாபமே பெரிது.

2023-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 'லான்டிட்ரா' என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தபோதும், இப்படி அடிக்கடி கடும் தாழ்சர்க்கரைக்கு ஆளாகும் பெரியவர்களுக்கு மட்டுமே கொடுத்தது.

ஸ்டெம் செல் எங்கே வருகிறது?

தானம் கிடைக்கவில்லை என்ற பிரச்னைக்குத்தான் ஸ்டெம் செல் பதில். எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, படிப்படியாக ஐலெட் செல்களாக மாற்றுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் தயாரிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மூலம், அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வு. மருந்தின் பெயர் ஜிமிஸ்லெசெல். முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர், ஒரு வருட முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சைக்கு முன்பு, கடந்த ஒரு வருடத்தில் குறைந்தது இரண்டு முறையாவது கடும் தாழ்சர்க்கரைக்கு ஆளானவர்கள் இவர்கள்.

செல்கள் நிஜமாகவே வேலை செய்கின்றன என்பது எப்படித் தெரியும்? சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை மூலம். உடல் தானே இன்சுலினைச் சுரக்கும்போதுதான் இது ரத்தத்தில் தெரியும். ஊசி மூலம் போடும் இன்சுலினில் இது இருக்காது. ஆய்வுக்கு முன் இவர்களின் ரத்தத்தில் சி-பெப்டைட் இல்லை, சிகிச்சைக்குப் பின் வந்தது. ஆக, ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

இப்போது அந்த மீதிப் பாதி. இந்தச் செல்களை உடல் அழித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை நிறுத்தாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகலாம், சில வகைப் புற்றுநோய் அபாயமும் கூடும். இந்த வகையில் அதிகம் பயன்படும் டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தையும் பாதிக்கும், பீட்டா செல்லையும் பாதிக்கும். எதைக் காப்பாற்றக் கொடுக்கிறோமோ அதையே கொஞ்சம் கடிக்கும் மருந்து!

அதே ஆய்வில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவருக்கு மூளை உறையில் பூஞ்சைத் தொற்று. எதிர்ப்பு சக்தி அடங்கியவர்களைத் தாக்கும் நோய் இது. இன்னொருவருக்கு முன்பே இருந்த மூளை பாதிப்பு முற்றியது காரணம். ஃபார்வர்டு மெசேஜில் இது வருவதே இல்லை.

சொந்த செல்லையே பயன்படுத்தினால்?

சீனாவின் தியான்ஜின் நகரில் 2023-ல், 25 வயதுப் பெண்ணுக்கு அவருடைய கொழுப்புத் திசுவில் இருந்தே ஐலெட் செல்களை உருவாக்கி, வயிற்றுத் தசையின் உறைக்கு அடியில் வைத்தார்கள். சுமார் இரண்டரை மாதத்தில் ஊசி நின்றது, ஒரு வருடம் கழித்தும் தேவைப்படவில்லை.

'சொந்த செல்தானே, அடக்கும் மருந்தே தேவையில்லை' என்று இதைப் பலர் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்று செய்துகொண்டவர். அதற்காக அந்த மருந்துகளை முன்பிருந்தே சாப்பிட்டு வந்தார். எனவே மருந்து இல்லாமல் இந்தச் செல்கள் தாக்குப்பிடித்திருக்குமா என்பதற்கு இவரை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

நிஜமாகவே மருந்து இல்லாமல் நடந்த முயற்சி ஸ்வீடனின் உப்சாலாவில். தானமாக வந்த ஐலெட் செல்களின் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்குத் தெரியாதபடி செய்தார்கள். பிறகு 42 வயதுக்காரர் ஒருவரின் முன்கைத் தசையில் செலுத்தினார்கள். 12 வாரங்கள் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்ததாக 2025 ஆகஸ்டில் வெளியான கட்டுரை சொல்கிறது. ஆனால் பாதுகாப்பைப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட சிறிய டோஸ் அது. அவர் இன்சுலின் ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்கிறார். எதிர்காலத்துக்கு இதுதான் முக்கியமான ஆய்வு என்றாலும், இன்றைக்கு ஒரே ஒரு நோயாளியின் கதை.

செல்களைச் சிறு பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பாதுகாக்கும் முயற்சியும் நடந்தது. போதிய இன்சுலின் சுரக்காததால் வெர்டெக்ஸ் 2025-ல் அதைக் கைவிட்டது.

இன்று யாருக்கு எது பொருந்தும்?

இரண்டு பேரை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் 35 வயதுக்காரர், 25 வருடமாக டைப் 1, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கிறார். இவருக்குச் சிறுநீரக மாற்று எப்படியும் தேவை. அதற்காக எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தையும் எடுத்தே ஆக வேண்டும். அந்த விலையை ஏற்கெனவே கொடுப்பவர் என்பதால், கணையத்தையும் சேர்த்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம்.

இன்னொருவர் 9 வயதுச் சிறுமி. சிறுநீரகம், கண் எல்லாம் நன்றாக இருக்கிறது, இன்சுலினில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. இவளுக்கு இன்று மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஊசியை விட அந்த மருந்துகளின் ஆபத்து பல மடங்கு அதிகம். இன்சுலின், தொடர் சர்க்கரை மானி, வசதி இருந்தால் பம்ப், இவைதான் இவளுக்கான சிகிச்சை.

'ஸ்டெம் செல் ஊசி' விளம்பரம் பார்த்தால்?

இந்தச் சிறுமியின் வீட்டாரைக் குறிவைத்துத்தான் விளம்பரங்கள் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் தொடர்பான சில நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை எல்லாம் ஆராய்ச்சிதான். சர்க்கரை நோய்க்குப் பணம் வாங்கிக்கொண்டு 'சிகிச்சை' என்று கொடுக்க முடியாது. சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தமும் இதற்கு உதவவில்லை. புளோரிடா பல்கலைக்கழகத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே செலுத்திப் பார்த்தும் பீட்டா செல் இழப்பு நிற்கவில்லை.

யாராவது சிகிச்சை இருப்பதாகச் சொன்னால், 'இது சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கா, பதிவு எண் என்ன?' என்று கேளுங்கள். அடுத்து, 'ஊசிக்கு முன்னும் பின்னும் சி-பெப்டைட் பார்ப்பீர்களா?' என்று கேளுங்கள். முறையான ஆய்வு என்றால் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

'முதல்ல இன்சுலினை நிறுத்துங்க' என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். டைப் 1 நோயாளிக்கு இன்சுலின் நின்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் ஓரிரு நாளிலேயே வந்துவிடும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அப்படித் தெரிந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.