மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் சிகிச்சை: எந்த வயதில் நன்மை, எந்த வயதில் ஆபத்து?

மும்பை: இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 46 என்று இந்திய மெனோபாஸ் சங்கத்தின் கணக்கெடுப்பு காட்டுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது 51-ஐ ஒட்டி இருக்கிறது. ஐந்து ஆண்டு வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், இக்காலத்துத் தொல்லைகளுக்கு அளிக்கப்படும் ஹார்மோன் சிகிச்சையின் நன்மையும் ஆபத்தும் வயதை வைத்தே எடைபோடப்படுகின்றன. மேல்நாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால், தாராவியிலோ செம்பூரிலோ வாழும் ஒரு பெண்ணின் விஷயத்தில் கணக்குத் தவறக்கூடும்.

இரவு வியர்வைக்குக் காரணம் என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் மட்டுமே அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் 'பெரிமெனோபாஸ்' எனப்படுகின்றன. சினைப்பைகள் ஓயும் தறுவாயில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகையாகவும் மறுமாதம் மிகக் குறைவாகவும் சுரக்கிறது. இந்த ஏற்ற இறக்கமே பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம். மாதவிடாய்ச் சுழற்சியின் நீளம் ஏழு நாள் அல்லது அதற்கு மேல் மாறிக்கொண்டே இருப்பது முதல் அடையாளம். 60 நாள் அல்லது அதற்கு மேல் இடைவெளி விழத் தொடங்கினால் இறுதிக்கட்டம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

எடுத்துக்காட்டாக, தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, விற்பனைக்கு இட்லி அவிக்கும் 47 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு மாதவிடாய் ஒரு முறை 22 நாளிலும் அடுத்த முறை 50 நாளிலும் வருகிறது; வரும்போது பெருக்காக இருக்கிறது. தூக்கம் கெடுகிறது, மூட்டுகள் வலிக்கின்றன, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. தகரக் கூரையும் அடுப்பின் ஆவியும் சூழ்ந்த வீட்டில் வியர்வையை யாரும் நோயாக நினைப்பதில்லை. 'வயசானா இப்படித்தான்' என்பதே அக்கம்பக்கத்தாரின் பதிலாக இருக்கும்.

வெக்கையால் வரும் வியர்வையையும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வரும் வியர்வையையும் பிரித்தறிய முடியும். 'ஹாட் ஃபிளாஷ்' எனப்படும் திடீர் உடற்சூடு மார்பிலோ முகத்திலோ எழுந்து பரவும். சில நிமிடங்களே நீடிக்கும். படபடப்பும் வியர்வையும் வந்து, அடங்கும்போது குளிர் போன்ற நடுக்கம் ஏற்படுவதுண்டு. விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும்போதும் வரும்.

மும்பையில் இரவு வியர்வை என்றவுடன் மருத்துவர் விலக்க வேண்டிய இன்னொன்று காசநோய். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் ஆகியவை சேர்ந்திருந்தால் ஹார்மோன் பேச்சுக்கு முன் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் தேவை. படபடப்புக்குத் தைராய்டும், சோர்வுக்கு இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம்.

பெரும்போக்கையும் 'நிற்கப் போகிறது, அதனால்தான்' என்று ஒதுக்கக் கூடாது. 45 வயதுக்கு மேல் தாறுமாறான இரத்தப்போக்கு இருந்தால் வயிற்று ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு திசுவை எடுத்து ஆராய வேண்டும். காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருக்கும்வரை ஹார்மோன் சிகிச்சை தொடங்கப்படுவதில்லை.

மறுபுறம், பலரும் பணம் செலவழித்துச் செய்துகொள்ளும் எஃப்எஸ்எச் இரத்தப் பரிசோதனை இந்த வயதில் பெரிதும் பயன் தராது. அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். 45 வயதுக்கு மேற்பட்டவருக்கு அறிகுறிகளும் மாதவிடாய்த் தேதிகளுமே போதுமான சான்று. ஆறு மாதத் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துச் செல்வது அந்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்குத்தான் எஃப்எஸ்எச் பரிசோதனை உண்மையில் அவசியம்.

2002-இல் எழுந்த அச்சம்

ஹார்மோன் சிகிச்சை என்பது அடிப்படையில் ஈஸ்ட்ரோஜன். கருப்பை உள்ளவருக்கு அதை மட்டும் கொடுத்தால் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. எனவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்க்கப்படுகிறது. கருப்பை அகற்றப்பட்டவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும்.

இதன் மீதான அச்சத்துக்கு வேர், அமெரிக்காவில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு. இரு மருந்துகளும் சேர்ந்த பிரிவில் 16,608 பெண்கள் பங்கேற்றனர். 2002 ஜூலையில் அப்பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து உட்கொண்ட 10,000 பேரில் ஓராண்டில் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், இதய நோய் 7 பேருக்கும், நுரையீரல் இரத்தக்கட்டு 8 பேருக்கும் கூடுதலாகக் காணப்பட்டன. இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டனர்.

ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. தொல்லை உச்சத்தில் இருக்கும் நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஐம்பதுகளின் முற்பகுதி வரையிலான பெண்களைப் பற்றிய ஆய்வு அல்ல அது. இந்த ஒரு விவரம் தலைப்புச் செய்திகளில் விடுபட்டுப் போனது.

2007-இல் அதே தரவுகள் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கப்பட்டன. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் மருந்து தொடங்கியோரிடையே இதய நோய் 10,000-க்கு ஆண்டுக்கு 6 குறைவாக இருந்தது. பத்து முதல் இருபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கியோருக்கு 4 கூடியது. இருபது ஆண்டுகளைக் கடந்தோருக்கு 17 கூடியது. தனித்தனியே இவை உறுதியான எண்கள் அல்ல என்றாலும், ஏறுமுகப் போக்கு தெளிவாக இருந்தது. இரத்தக்குழாய்ச் சுவர் இன்னும் மென்மையாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதைக் காக்கக்கூடும் என்பதும், கொழுப்புப் படிவு ஏற்பட்ட பிறகு அதே மருந்து அப்படிவைக் குலைத்து அடைப்பை உண்டாக்கக்கூடும் என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பக்கவாதம் மட்டும் இந்தப் போக்குக்கு உட்படவில்லை. எந்த வயதில் தொடங்கினாலும் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. 50 வயதில் பக்கவாதம் அரிது என்பதால் கூடுதலும் சிறிதாகவே இருக்கிறது. 70 வயதில் அதே விகிதம் பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. 65 வயதைக் கடந்து இரு மருந்துகளையும் எடுத்தவர்களிடம் மறதிநோயும் இரட்டிப்பானது. இதய நோய்க்கோ மறதிக்கோ தடுப்பாக இம்மருந்தைத் தொடங்குவதை மருத்துவ அமைப்புகள் ஏற்காததற்கு இவையே காரணம்.

60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், வேறு தடை இல்லாத பெண்ணுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே மிகுதி என்பது வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு நிலைப்பாடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இம்மருந்துகளின் உறையில் இருந்த இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கும் முடிவை 2025 நவம்பரில் அறிவித்தது.

மும்பைக்கு வரும்போது இந்த விதியில் ஒரு நெருடல் தோன்றுகிறது. 51 வயதில் மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு 60 வயது என்பதும் பத்து ஆண்டு என்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. 46-இல் நின்றவருக்குப் பத்தாண்டு 56-இலேயே முடிந்துவிடும். 58 வயதில் அவர் முதன்முறையாக மருந்து கேட்டால், ஓர் அளவுகோல் 'ஆம்' என்கிறது. மற்றொன்று 'தாமதம்' என்கிறது. நீரிழிவும் இதய நோயும் இளவயதிலேயே தாக்கும் நாட்டில் இரண்டாவதற்கே கூடுதல் எடை தருவது பொருத்தமாகத் தெரிகிறது.

தாராவிப் பெண்ணுக்கு என்ன வழி?

மேலே சொன்ன 47 வயதுப் பெண்ணுக்குக் காசநோயும் தைராய்டும் இல்லை, உட்சுவர்த் திசுவும் இயல்பு என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 9. இரத்த அழுத்தம் 150/96. முதலில் அழுத்தம் கட்டுக்குள் கொண்டுவரப்பட வேண்டும்; இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டும்; மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும் செய்யப்பட வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் அல்லது நுரையீரல் இரத்தக்கட்டு, தீவிரக் கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் வந்திருந்தால் ஹார்மோன் பொதுவாகத் தரப்படாது. ஹார்மோன் கலவாத மாற்று மருந்துகள் அத்தகையோருக்கு உண்டு.

அடுத்த கேள்வி, எந்த வடிவில் என்பது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் சென்று, இரத்தம் உறையச் செய்யும் பொருள்களைக் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பட்டையும் அந்தப் பாதையைத் தவிர்ப்பதால், வழக்கமான அளவில் இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இரத்த அழுத்தமோ உடற்பருமனோ உள்ளவருக்கு இது முக்கியம்.

புரோஜெஸ்டிரோன் பகுதியை மாதம் 12 முதல் 14 நாள் இரவில் 200 மில்லிகிராம் மாத்திரையாகத் தரலாம். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவருக்கு அன்றாடம் இடைவிடாமல் கொடுத்தால் தாறுமாறாக இரத்தம் கசியும். காப்பர்-டி போன்ற வடிவில், ஹார்மோனைச் சுரக்கும் கருப்பைச் சாதனம் இவருக்கு இன்னும் பொருந்தும். அது பெரும்போக்கைக் குறைக்கும், உட்சுவரைக் காக்கும், கருத்தடையாகவும் அமையும். ஹார்மோன் சிகிச்சை தனியே கருத்தடை ஆகாது என்பதையும், 47 வயதில் கருத்தரிக்கும் வாய்ப்பு முழுதாக நீங்குவதில்லை என்பதையும் பலர் அறிவதில்லை.

மருந்து பொருந்தினால் உடற்சூடு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறையும். மூன்று மாதத்தில் மறுபார்வை, பின்னர் ஆண்டுதோறும் என்பது நடைமுறை. தாராவிவாசிகளுக்கு இதற்கான முதல் படி அருகிலேயே இருக்கிறது. 'சோட்டா சயான்' என்று அழைக்கப்படும் தாராவி நகர்நல மையம், மாட்டுங்காவை அடுத்துள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையின், அதாவது சயான் மருத்துவமனையின் கிளை. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவைப்பட்டால் அங்கிருந்து தாய் மருத்துவமனைக்குச் செல்லலாம்.

முப்பதுகளிலும் அறுபதுகளிலும்

மாட்டுங்காவில் 38 வயதுப் பெண் ஒருவருக்குக் கருப்பையோடு இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தால் கணக்கு தலைகீழாகும். அவருக்கு ஈஸ்ட்ரோஜன் தராமல் இருப்பதே பெரிய ஆபத்து. எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வரும். 60 வயதினரிடம் கண்ட அபாயங்களைக் காட்டி இவருக்கு மருந்தை மறுப்பது தவறு. இயல்பாக மாதவிடாய் நிற்கக்கூடிய வயதுவரை மருந்தைத் தொடர்வதே பரிந்துரை. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்டது 2019-இல் பெரும் சர்ச்சையானது. சினைப்பைகள் விட்டுவைக்கப்பட்டாலும் அவை சில ஆண்டு முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும் என்பதால், அறுவை செய்துகொண்டவர் எந்த உறுப்பு எடுக்கப்பட்டது என்பதை மருத்துவமனைச் சீட்டில் உறுதிசெய்து வைத்திருப்பது நல்லது.

செம்பூரில் 63 வயதுப் பெண் ஒருவர் 47-இல் மாதவிடாய் நின்று, இப்போது முதன்முறையாக மாத்திரை கேட்டால் மருத்துவர் பெரும்பாலும் தயங்குவார். அவருடைய குறை பிறப்புறுப்பு வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுமாக இருந்தால், மாத்திரையே தேவையில்லை. அவ்விடத்தில் மட்டும் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இரத்தத்தில் மிகச் சிறிதே கலக்கிறது. எனவே மேலே சொன்ன வயது வரம்பு அதற்குப் பொருந்துவதில்லை. கிரீம் இட்டாலும் இடாவிட்டாலும், மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.